பெரிய சதவீதம், சிறிய லாபம்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை புதிதாக எதிலாவது பணம் போட நினைத்தால், வங்கிக்குப் போகும் திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஓர் எண் தடித்த எழுத்தில் நிற்கும். அதுதான் ஆடிட்டர்கள் ஐ.ஆர்.ஆர். என்று சொல்லும் அக வருவாய் விகிதம். இரண்டு யோசனைகள் மேசையில் இருந்தால் எதற்கு அந்தச் சதவீதம் அதிகமோ அதைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். பக்கத்திலேயே நிகர நிகழ்மதிப்பு என்று ரூபாயில் ஒரு தொகை இருக்கும், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இது திண்டுக்கல்லின் பழக்கம் மட்டுமல்ல. வட அமெரிக்க நிறுவனங்களின் நிதித் தலைவர்கள் 392 பேரிடம் கிரகாமும் ஹார்வியும் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அக வருவாய் விகிதத்தை எப்போதும் அல்லது பெரும்பாலும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பழக்கம் பரவலானது. ஆனால் இரண்டு இடங்களில் அது தவறானது. அந்த இரண்டு இடங்களும் அரிதானவை என்று சொல்லி யாரும் தப்ப முடியாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். நிகர நிகழ்மதிப்பு என்பது, வரும் ஆண்டுகளின் வரவையும் செலவையும் ஒரு வட்டி விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி, இன்று போடும் முதலைக் கழித்தபின் மிஞ்சும் தொகை. அந்த வட்டி என்ன என்பதிலேயே தகராறு வரும். பத்தா, பதினொன்றா, பங்குதாரரின் பணத்துக்கு எவ்வளவு என்று கேள்விகள் நீளும். அக வருவாய் விகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நிகர நிகழ்மதிப்பு சுழியாகும் வட்டி எதுவோ அதுவே விடை, திட்டம் தன் விகிதத்தைத் தானே சொல்லிவிடுகிறது. வங்கி வட்டியோடு அதை நேரே ஒப்பிடலாம். திட்டம் பெரிதா சிறிதா என்ற பேதமில்லாமல் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம். இடைவெளி அதிகமாக இருந்தால் கணிப்பு கொஞ்சம் பிசகினாலும் தாங்கும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தச் சதவீதத்தின் மேல் உள்ள நம்பிக்கை.

ஒன்றை ஒப்புக்கொண்டுதான் மறுக்க வேண்டும். ஒரே ஒரு திட்டம், முதலில் செலவு, பிறகு வரவு மட்டுமே, வேண்டுமா வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி என்றால் இரண்டு முறைகளும் ஒரே பதிலைத்தான் தரும். அங்கே எனக்குச் சண்டை இல்லை. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்ற நிலையிலும், வரவு செலவின் குறி ஒருமுறைக்கு மேல் மாறும் திட்டத்திலும்தான் அந்தச் சதவீதம் வழி தவறச் செய்கிறது.

முதல் மறுப்பு: சதவீதம் திட்டத்தின் அளவை மறைக்கிறது. ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, ஆனால் நடப்புக்குத் தூரமானவை அல்ல. கூரையின் கால்பகுதி உலோகத் தகடு, மீதி பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முதல் வழி, தகடு இருக்கும் பகுதியில் மட்டும் 250 கிலோவாட் சோலார் போடுவது. செலவு 1 கோடி. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், யூனிட்டுக்கு 7 ரூபாய் மிச்சம் என்று வைத்தால், ஆண்டுக்கு ஏறக்குறைய 25 லட்சம் மின்கட்டணம் குறையும். இரண்டாம் வழி, ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டுத் தகடு வேய்ந்து, தாங்கும் சட்டங்களைப் பலப்படுத்தி, முழுக் கூரையிலும் 1,000 கிலோவாட் போடுவது. பேனலுக்கு 4 கோடி, கூரை வேலைக்கு 1 கோடி, ஆக மொத்தம் 5 கோடி. மிச்சம் ஆண்டுக்கு 1 கோடி. இரண்டுக்கும் 20 ஆண்டு ஆயுள். இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் பேனலின் திறன் மெல்லத் தேய்வதையும் இங்கே விட்டிருக்கிறேன். சேர்த்தாலும் முடிவு மாறாது.

அக வருவாய் விகிதம் என்ன சொல்கிறது? சிறிய திட்டத்துக்கு 24.7 சதவீதம், பெரியதற்கு 19.4 சதவீதம். வழக்கப்படி தீர்ப்பு முடிந்தது: கால்பகுதிக் கூரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இப்போது ரூபாயில் பார்ப்போம். ஆலையின் முதலுக்கு ஆகும் செலவு 11 சதவீதம் என்றால், 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு 7 ரூபாய் 96 காசு. அதன்படி சிறிய திட்டத்தின் மிச்சம் 199 லட்சம், போட்ட 100 லட்சத்தைக் கழித்தால் 99 லட்சம். பெரியதன் மிச்சம் 796 லட்சம், போட்ட 500 லட்சத்தைக் கழித்தால் 296 லட்சம். அதிக சதவீதம் உள்ள வழியில் போனவர் ஏறத்தாழ 2 கோடி ரூபாயைக் கூரையிலேயே விட்டுவிட்டு வருகிறார். ஆலையின் மின்கட்டணத்தைச் சதவீதத்தால் கட்ட முடியாது, ரூபாயால்தான் கட்ட வேண்டும்.

இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். பெரிய திட்டம் என்பது சிறிய திட்டமும் அதற்கு மேல் இன்னொரு திட்டமும்தான். அந்த இன்னொன்றில் கூடுதலாக 4 கோடி போடுகிறோம், ஆண்டுக்குக் கூடுதலாக 75 லட்சம் வருகிறது. அதன் அக வருவாய் விகிதம் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். 11 சதவீதத்துக்குக் கிடைக்கும் பணத்தை 18 சதவீதம் தரும் இடத்தில் போடலாமா என்று தனியாகக் கேட்டால், இதே முதலாளி தயங்காமல் சரி என்பார். ஆனால் அதே 4 கோடி, 24.7 தரும் முதல் ஒரு கோடியோடு ஒட்டிக்கொண்டு வந்து சராசரியை 19.4க்கு இழுக்கும்போது அதைத் தள்ளிவிடுகிறார். சராசரி குறைந்தது என்பதற்காக லாபமான கூடுதலை மறுப்பதுதான் இங்கே நடக்கும் பிழை. இப்படிக் கூடுதல் செலவுக்கான விகிதத்தைத் தனியே பார்க்க வேண்டும் என்பதை இர்விங் ஃபிஷர் 1930இலேயே தன் வட்டிக் கோட்பாட்டு நூலில் வைத்துவிட்டார். அவர் பெயராலேயே இந்த 18 சதவீதப் புள்ளியை ஃபிஷர் விகிதம் என்கிறார்கள். முதலின் செலவு அதற்குக் கீழே இருக்கும்வரை பெரிய திட்டம் நல்லது. அதைத் தாண்டினால் சிறியது நல்லது. ஆக, எது சிறந்தது என்பதற்கான விடை முதலின் செலவைப் பொறுத்தே இருக்கிறது. அதைக் கேட்காமலே விடை தருவதாகச் சொல்லும் எண், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்றுதான் பொருள். வட்டி எவ்வளவு என்ற தகராறு தொல்லையானது என்பது உண்மை. அந்தத் தொல்லையிலிருந்து அக வருவாய் விகிதம் யாரையும் விடுவிக்கவில்லை, அறிக்கையிலிருந்து மறைத்து மட்டும் வைக்கிறது.

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் எழும். இரண்டும் கனமானவை. முதலாவது, கையில் இருக்கும் பணம் அளவானது, சிறிய திட்டத்தை எடுத்தால் மீதி 4 கோடியை வேறெங்கோ போடலாமே என்பது. போடலாம். அப்படியானால் அந்த வேறெங்கோ எது என்று பெயர் சொல்ல வேண்டும். பழைய ரிங் ஃபிரேம்களை மாற்றுவதா, இன்னொரு ஆட்டோகோனரா, பஞ்சை மலிவாக இருக்கும்போது வாங்கி வைப்பதா? அந்த 4 கோடி ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல், அதுவும் இதே 20 ஆண்டுகளுக்கு, ஈட்டினால் சிறிய திட்டமே சரி. வங்கியில் வைப்புத் தொகையாகக் கிடந்தால் சரியல்ல. பணம் உண்மையிலேயே அளவானதாக இருந்தால், அந்த அளவுக்குள் அடங்கும் திட்டங்களை எத்தனை விதமாகச் சேர்க்க முடியுமோ அத்தனை விதமாகவும் சேர்த்து, எந்தச் சேர்க்கையின் மொத்த நிகர நிகழ்மதிப்பு அதிகமோ அதை எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் சிறிய சோலார் வெல்லக்கூடும். அப்போதும் அது வெல்வது ரூபாயால்தான்.

இரண்டாவது எதிர்வாதம் பாதுகாப்பு பற்றியது. சதவீதம் அதிகமாக இருந்தால் கணிப்பு பிசகினாலும் தாங்கும் என்கிறார்கள். தாங்குமா என்று கணக்கிட்டே பார்க்கலாம். மிச்சம் எதிர்பார்த்ததைவிட 20 சதவீதம் குறைந்தால், சிறிய திட்டம் 59 லட்சம் தரும், பெரியது 137 லட்சம் தரும். பெரியதே முன்னால். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் இரண்டும் ஏறத்தாழ 33 லட்சத்தில் வந்து சமமாகின்றன. அதற்கும் கீழே போனால் சிறியது முந்துகிறது. 37 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பெரியது நஷ்டத்தில் விழும், சிறியது 50 சதவீதம் வரை தாங்கும். ஆக, இந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அதன் எல்லை மூன்றில் ஒரு பங்கு. கூரைச் சோலாருக்கும் நெட்வொர்க் கட்டணம் விதிக்கப்பட்டபோது தமிழ்நாட்டு ஆலைகள் ஏன் அவ்வளவு எதிர்த்தன என்பது இதனால் விளங்கும். யூனிட்டுக்கு 7 ரூபாய் மிச்சம் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் ஓர் உத்தரவில் 5 ரூபாயாக ஆகலாம். அது ஏறத்தாழ 4 ரூபாய் 70 காசுக்கும் கீழே போகும் என்று நம்பக் காரணம் இருந்தால் சிறிய திட்டத்தை எடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் இந்த 4 ரூபாய் 70 காசு என்ற எல்லைக்கோடு எங்கே கிடைத்தது? 24.7, 19.4 என்ற இரண்டு எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது கிடைத்திருக்காது. நிகர நிகழ்மதிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் கிடைக்கும்.

இரண்டாம் மறுப்பு: சில திட்டங்களுக்கு ஒரே விகிதம் என்பதே இல்லை. சுற்றுவட்டாரத்துக் கல்குவாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குத்தகையில் இரண்டு ஆண்டுகள் மீதி. இப்போதிருக்கும் இயந்திரங்களோடு ஆண்டுக்கு 1 கோடி லாபம் வரும். சுரங்கத் திட்டத்தைத் திருத்தி, மீதிக் கல் முழுவதையும் ஒரே ஆண்டில் எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். அதற்குக் கூடுதல் இயந்திரம் வேண்டும், செலவு 16 லட்சம். இந்த முடிவால் மாறுவது என்ன? இன்று 16 லட்சம் போகிறது. முதலாண்டு முடிவில் 1 கோடி கூடுதலாக வருகிறது. இரண்டாம் ஆண்டு வரவேண்டிய 1 கோடி வராமல் போகிறது. கழித்தல், கூட்டல், கழித்தல். 1955இல் லோரியும் சாவேஜும் எண்ணெய்க் கிணற்றுப் பம்பை வைத்துக் காட்டிய சிக்கல் இதுதான், எண்களின் விகிதமும் அவர்களுடையதே.

எக்செல்லில் மூன்று எண்களையும் இட்டு அக வருவாய் விகிதம் கேட்டால் கிடைப்பது இது:

```
A1: -16
A2: 100
A3: -100
=IRR(A1:A3)      25%
=IRR(A1:A3,3)    400%
```

இரண்டும் சரியான விடைகள். 25 சதவீதத்திலும் நிகர நிகழ்மதிப்பு சுழி, 400 சதவீதத்திலும் சுழி. எக்செல் ஒரு தொடக்க ஊகத்திலிருந்து தேடிக்கொண்டே போய் முதலில் அகப்பட்டதைத் தருகிறது. ஊகம் எதுவும் கொடுக்காவிட்டால் 10 சதவீதத்திலிருந்து தொடங்குகிறது, 25ல் நின்றுவிடுகிறது. இன்னொரு விடை இருக்கிறது என்று அது சொல்வதில்லை. அறிக்கையில் 25 சதவீதம் என்று அச்சாகும், வங்கி வட்டி 11, ஆகவே இயந்திரம் வாங்கலாம் என்று முடிவாகும். ஆனால் 11 சதவீதத்தில் நிகர நிகழ்மதிப்பு ஏறக்குறைய 7 லட்சம் நஷ்டம். இதற்குச் சூத்திரமும் வேண்டாம். ஒரு கோடியை ஓராண்டு முன்னதாகப் பெறுவதால் கிடைப்பது அந்த ஓராண்டு வட்டியான 11 லட்சம்தான். அதுவும் இரண்டாம் ஆண்டு முடிவில்தான் கைக்கு வரும், அதன் இன்றைய மதிப்பு 9 லட்சத்துக்கும் குறைவு. அதற்காக 16 லட்சம் செலவழிப்பவர் நஷ்டப்படுகிறார். பணத்தின் செலவு 25 சதவீதத்துக்கு மேல் உள்ளவருக்கு மட்டுமே இந்த அவசரம் லாபம்.

இதன் பின்விளைவு இன்னும் மோசமானது. பணம் போடுவதில் எச்சரிக்கையாக இருக்க நினைப்பவர் கழிவு வட்டியை உயர்த்துவார், அது கடுமையான சோதனை என்று நம்புவார். இந்த வகைத் திட்டத்தில் அது தலைகீழாகிறது. 11 சதவீதத்தில் 7 லட்சம் நஷ்டம் காட்டும் அதே இயந்திரம், 50 சதவீதத்தில் 6 லட்சம் லாபம் காட்டுகிறது. சோதனை கடுமையாக ஆக, திட்டம் தேறிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வரவு செலவு வரிசையில் குறி எத்தனை முறை மாறுகிறது என்று எண்ண வேண்டும். ஒருமுறை மாறினால் ஒரே விகிதம். இருமுறை மாறினால் இரண்டு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

ஒன்றுமே இல்லாமல் போவது புத்தகக் கணக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு, மூன்றாம் மறுப்பைத் திண்டுக்கல் ஊருக்குள்ளிருந்தே எடுத்துவைக்கலாம். இந்த நகரைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக நடந்தன. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீரால் நிலத்தடி நீர் கெட்டது. 1996 ஆகஸ்ட் 28இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தந்த தீர்ப்பு, வேலூரோடு நிற்கவில்லை. அப்போது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்ற பெயரில் இருந்த இந்த மாவட்டத்தின் தோல் ஆலைகளையும் சேர்த்து, ஐந்து மாவட்ட ஆலைகளுக்கும் தலா 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. அபராதம் சிறிது, கொள்கை பெரிது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு மட்டுமல்ல, கெட்ட சூழலைத் திருத்தும் செலவும் அவரையே சேரும் என்றும் தீர்ப்பு சொன்னது. அந்த நாள் முதல், நிலத்தையும் நீரையும் தொடும் எந்தத் தொழிலின் கணக்கிலும் கடைசியில் ஒரு பெரிய கழித்தல் குறி இருக்கிறது.

அப்படி ஒரு தொழிலின் கணக்கைக் கற்பனையான எண்களோடு போட்டுப் பார்ப்போம். இன்று 1 கோடி முதல். பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 30 லட்சம். பதினோராம் ஆண்டில் மண்ணையும் நீரையும் திருத்த இரண்டரைக் கோடி. பத்தாம் ஆண்டோடு கணக்கை முடித்தால் அக வருவாய் விகிதம் 27 சதவீதம், எந்த வங்கியும் மகிழும் எண். பதினோராம் ஆண்டையும் சேர்த்தால் எக்செல் எந்தச் சதவீதத்தையும் தராது, `#NUM!` என்றே நிற்கும். அது மென்பொருளின் குறை அல்ல. எந்த வட்டியிலும் இந்தத் திட்டத்தின் நிகர நிகழ்மதிப்பு சுழியைத் தொடுவதே இல்லை, எல்லா வட்டியிலும் நஷ்டம்தான். 11 சதவீதத்தில் அந்த நஷ்டம் ஏறக்குறைய 2.6 லட்சம். நிகர நிகழ்மதிப்பு அமைதியாக ஒரு விடை தரும் இடத்தில் அக வருவாய் விகிதம் பேசாமல் போகிறது. திரையில் பிழைச்செய்தி வந்தால் அறிக்கை தயாரிப்பவர் என்ன செய்வார்? கடைசி வரிசையை நீக்குவார். 27 சதவீதம் திரும்பி வந்துவிடும். திருத்தச் செலவை யாரும் ஒளிக்க நினைக்காவிட்டாலும், அதைச் சேர்த்தால் விடையே வராத ஒரு முறை, அதை விட்டுவிடத் தூண்டுகிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி நிகர நிகழ்மதிப்பை நோக்கியும் திரும்பும். 11 சதவீதத்தில் இரண்டரைக் கோடியின் இன்றைய மதிப்பு 79 லட்சம் மட்டுமே. நாளைய சேதத்தை இன்று சிறிதாக்கிக் காட்டுவது இந்த முறையும்தானே? ஆம், கவனமின்றிப் பயன்படுத்தினால். வியாபாரத்தின் அபாயத்துக்காக வைத்த உயர்ந்த வட்டியை, நீதிமன்றமே உறுதிப்படுத்திய ஒரு கடமையின் மேல் போடக் கூடாது. உறுதியான செலவை அரசுக் கடன்பத்திர வட்டி போன்ற தாழ்ந்த விகிதத்தில்தான் கழிக்க வேண்டும். அதை 7 சதவீதத்தில் கழித்து, வரவுகளை மட்டும் 11ல் விட்டால், திருத்தச் செலவின் இன்றைய மதிப்பு 119 லட்சமாகிறது, திட்டத்தின் நஷ்டம் 42 லட்சமாகத் தெரிகிறது. இப்படி ஒவ்வொரு வரிக்கும் அதற்குரிய வட்டியைப் போடும் வசதி நிகர நிகழ்மதிப்பில் உண்டு. எல்லா ஆண்டுகளுக்கும் எல்லா வகைப் பணத்துக்கும் ஒரே எண்ணைத் தேடும் முறையில் அது இருக்கவே முடியாது.

இன்னோர் எதிர்வாதமாக, திருத்தப்பட்ட அக வருவாய் விகிதம் இந்தக் குறைகளையெல்லாம் போக்கிவிட்டது என்பார்கள். பாதி போக்கியது உண்மை. இடையில் வரும் பணத்தை முதலின் செலவிலேயே மறுமுதலீடு செய்வதாக வைத்துக்கொள்வதால், பல விடைகள் வரும் சிக்கல் தீர்கிறது. ஆனால் அதற்கும் முதலின் செலவு என்ன என்று முதலில் சொல்லியாக வேண்டும். எந்தத் தொல்லையைத் தவிர்க்க இந்த வழிக்கு வந்தார்களோ, அதையே தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதன் பிறகும் விடை சதவீதமாகவே வருகிறது, ஆகவே நம் நூற்பாலையின் கால்பகுதிக் கூரை அந்தக் கணக்கிலும் முழுக் கூரையை வெல்லும்.

வங்கி கேட்கிறதே என்பது கடைசி எதிர்வாதம். நபார்டின் மாதிரித் திட்டங்களில் அக வருவாய் விகிதத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். நிரப்பலாம். ஆனால் இரண்டில் ஒன்று என்ற நிலை வந்தால், பெரிய திட்டத்திலிருந்து சிறியதை ஆண்டுவாரியாகக் கழித்து, அந்தக் கூடுதலுக்கான விகிதத்தை எழுத வேண்டும். எழுதும் முன் குறி ஒருமுறைதான் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அருகிலேயே நிகர நிகழ்மதிப்பையும் சரியாகப் போட வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எக்செல்லின் `NPV` தன்னிடம் கொடுக்கும் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும், ஆகவே இன்றைய செலவை அதற்குள் போடாமல் வெளியே கூட்ட வேண்டும்:

```
=B1+NPV(11%,B2:B21)
```

B1இல் கழித்தல் குறியோடு இன்றைய முதல், B2 முதல் B21 வரை இருபது ஆண்டு மிச்சம். நூற்பாலைக் கணக்கை லட்சத்தில் இப்படி இட்டால் கால்பகுதிக் கூரைக்கு 99, முழுக் கூரைக்கு 296 வரும். கடன் முடிவெடுக்கும் மேலாளர் முதலில் பார்க்க வேண்டிய வரி அது, அதற்கடுத்து யூனிட்டுக்கு 4 ரூபாய் 70 காசு என்ற எல்லைக்கோடு.